பெரிய புத்தகம்: கூட்டுக்குரலும் எழுத்தும்

வட்டார அளவில் கற்றல் துணைக்கருவிக் கண்காட்சி எங்கே நடந்தாலும் இப்போது ஒரு மேசையிலாவது பெரிய புத்தகம் இருக்கிறது. முழுச் சார்ட் தாளை இரண்டாக மடித்து, தடித்த மார்க்கரால் எழுதி, வண்ணம் தீட்டி, முதுகில் துணி நாடா ஒட்டி, வளையம் கோத்துத் தாங்கியில் மாட்டியிருப்பார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக உட்கார, ஆசிரியர் கோலால் சுட்டிக்கொண்டே போக, வகுப்பு முழுதும் ஒரே குரலில் வாசிக்கும். 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்த பிறகு இந்த வழக்கம் வேகம் பிடித்திருக்கிறது. அண்மையில் ஒரு கண்காட்சியில் முதல் பரிசு இப்படிப்பட்ட ஒரு புத்தகத்துக்குப் போனது. பரிசுக்கு நடுவர்கள் சொன்ன காரணம், "ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க இந்தப் புத்தகத்தை வாசிக்கிறது" என்பது.

அந்தக் காரணத்தைத்தான் நான் மறுக்கிறேன். ஆறு வயதுக் குழந்தை ஒரு வாரத்தில் முழுப் புத்தகத்தையும் பிழையில்லாமல் சொல்கிறது என்றால், அந்தப் புத்தகத்தில் வாசிப்பதற்கு ஏதாவது இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். என் நீண்டநாள் ஐயம், பெரும்பாலும் இல்லை என்பதுதான்.

நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன், அவை உண்மையானவை. ஒரு பாடநூலை நான்கு பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் நிலைக்கு மாறாக, ஒரே பக்கத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். இடமிருந்து வலம் போவதும், வரி முடிந்தால் கீழே இறங்குவதும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் இருப்பதும் கோலின் அசைவிலேயே புரிந்துபோகிறது. தனியாக வாய் திறக்காத பிள்ளை கூட்டத்தோடு திறக்கிறது. கடையில் வாங்கும் புத்தகத்தில் வராத ஊர்ச் சந்தையும் ஊர்க் காயும் ஆசிரியர் கையால் எழுதும் புத்தகத்தில் வரும். எழுத்துத் தமிழின் வாக்கியம் காதில் பழகுகிறது. செலவும் சில தாள்கள்தான். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை.

பரிசு பெற்ற புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரி. "சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்கினேன்." அடுத்த பக்கம், "சந்தைக்குப் போனேன். வெண்டைக்காய் வாங்கினேன்." பிறகு தக்காளி, முருங்கைக்காய், பூசணிக்காய் என்று போய், கடைசிப் பக்கத்தில் பை நிறைந்து வீடு திரும்புகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேல்பாதியிலும் அந்தக் காயின் படம், பளபளவென்று, பக்கத்துக்குப் பக்கம் வேறு நிறத்தில். வரைந்த கை தேர்ந்த கை. எழுத்து நாலு சென்டிமீட்டர் உயரம். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் மெய்யின் புள்ளி தெரிகிறது. ஒரு சொல்லைக்கூட வரி ஓரத்தில் உடைத்துக் கீழே தள்ளவில்லை. பெரிய எழுத்தில் தமிழ்ச் சொல்லை எழுதும்போது பலர் தவறுகிற இடம் அது. கையால் எழுதும்போது ஒன்றுபோல் ஆகிவிடும் 'ர'வையும் துணைக்காலையும் அடியில் சாய்கோடு இழுத்துப் பிரித்துக் காட்டியிருந்தார் அதைச் செய்த ஆசிரியர். பளபளப்புத் தாள் ஒட்டாததால் சன்னல் வெளிச்சம் பட்டு எழுத்து மறையவும் இல்லை. கைவேலை என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் ஒரு குழந்தை இந்தப் புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தை எப்படிச் சொல்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். "சந்தைக்குப் போனேன்" என்பது நான்கு பக்கங்களாக வந்துவிட்டது. அதைச் சொல்ல ஐந்தாம் முறை எழுத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. பக்கம் புரளும் ஓசை கேட்டாலே வாய் தானாகத் தொடங்கிவிடும். "வாங்கினேன்" என்பதும் அப்படியே. மாறுவது நடுவில் உள்ள ஒரு சொல். அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே வாசித்தாக வேண்டிய ஒரே சொல் அதுதான். அந்தச் சொல்லை மேலே இருக்கும் படம் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. மாறாத பகுதியை நினைவு சொல்கிறது, மாறும் பகுதியைப் படம் சொல்கிறது. எழுத்துக்கு அந்தப் பக்கத்தில் வேலையே மிச்சமில்லை.

இது அந்த ஆசிரியரின் கவனக்குறைவு அல்ல. இந்த வகைப் புத்தகத்தின் அமைப்பே அது. திரும்பத் திரும்ப வரும் வாக்கியம், படத்தோடு பொருந்தும் ஒரு மாறும் சொல், ஊகிக்க எளிதான முடிவு என்று எவ்வளவு செம்மையாகச் செய்கிறோமோ அவ்வளவு முழுமையாக எழுத்து வெளியே தள்ளப்படுகிறது. மோசமாகச் செய்த புத்தகத்தில், படம் தெளிவில்லாத ஒரு பக்கத்தில், குழந்தை வேறு வழியில்லாமல் எழுத்தைப் பார்க்கக்கூடும். பரிசு பெறும் புத்தகத்தில் அந்த வாய்ப்பும் இல்லை.

குழந்தையின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் எவன்ஸ், செயின்ட்-ஆபின் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டும்போது நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் விழி அசைவைப் பதிவு செய்தார்கள். பிள்ளைகள் ஏறத்தாழ முழு நேரமும் படத்தைத்தான் பார்த்தார்கள். எழுத்தின்மேல் விழுந்த பார்வை மிகமிகக் கொஞ்சம். எழுத்து அமைப்பு வேறுபட்ட புத்தகங்களைக் கொடுத்தும் இது மாறவில்லை. பெரிய புத்தகத்தில் கோல் இருக்கிறதே என்பார்கள். கோல் உதவும், மறுக்கவில்லை. ஆனால் கோல் எழுத்தின்மேல் இருப்பதும் கண் எழுத்தின்மேல் இருப்பதும் ஒன்றல்ல. ஆசிரியர் கோலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிள்ளைகளின் கண்களை அல்ல.

இங்கே தமிழ் எழுத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "சந்தைக்குப் போனேன், வாங்கினேன்" என்ற மாறாத சட்டகத்தில் மட்டும் ச, ந், தை, க், கு, ப், போ, னே, ன், வா, ங், கி என்று பன்னிரண்டு வெவ்வேறு எழுத்துகள். ஐகாரம், உகரம், ஓகாரம், ஏகாரம், ஆகாரம், இகரம் என்று ஆறு உயிர்க்குறிகள். அவற்றில் 'தை'யின் குறி தகரத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'போ'வில் குறி பகரத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. உகரக் குறி ககரத்தில் ஒரு வடிவம், பகரத்தில் வேறொரு வடிவம். முதல் வகுப்பில் பள்ளி திறந்து மூன்று நான்கு மாதம் ஆன பிள்ளைக்குச் சில மெய்களும் அகர உயிர்மெய்களும் துணைக்காலும் தெரிந்திருக்கும். அந்தக் குழந்தையால் இந்தப் பக்கத்தை எழுத்து கூட்டி வாசிக்க முடியாது. ஆகவே அது வாசிப்பது நினைவிலிருந்துதான்; வேறு வழியை நாம் வைக்கவில்லை.

இந்திய எழுத்துகளில் உயிர்மெய் வரிசை முழுதும் பிள்ளைக்குப் பிடிபட எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு, கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு நல்ல சான்று. அந்தக் கற்றல் முதல் வகுப்போடு முடிவதில்லை, மூன்றாம் நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று அவர் காட்டினார். 247 எழுத்து என்று நாம் சொல்லும் தமிழிலும் பாதை குறுகியதல்ல. அவ்வளவு நீண்ட பாதையில் முதல் ஆண்டின் மணிக்கணக்கை, எழுத்தைப் பார்க்காமல் சொல்லும் பயிற்சிக்குக் கொடுக்கிறோம்.

ஆதரவாளர்களின் வலுவான பதில் இது: திரும்பத் திரும்பப் பார்ப்பதால் சொல்லின் வடிவம் மனத்தில் பதிந்துவிடும்; முதலில் முழுச் சொல்லாக வரும், பிறகு எழுத்தாகப் பிரியும். இதன் பின்னால் பெரிய பெயர்கள் இருக்கின்றன. 1967-இல் கென்னத் குட்மன் வாசிப்பை ஊகத்தால் நடக்கும் ஒரு விளையாட்டு என்று விளக்கினார். பொருளையும் வாக்கிய ஓட்டத்தையும் கொண்டு ஊகி, எழுத்தைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்து என்பது அதன் சாரம். அந்தக் கருத்தின் நிழலில்தான் ஊகிக்க எளிதான புத்தகங்கள் ஆங்கில உலகில் குவிந்தன. சொல் நினைவில் எப்படிப் பதிகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த லின்னியா ஏரி சொன்னது வேறு. எழுத்தையும் அதன் ஒலியையும் ஒன்றோடொன்று பிணைக்கும்போதுதான் சொல் நிலைக்கிறது. வெறுமனே பல முறை கண்முன் வருவதால் அல்ல. டேவிட் ஷேர் 1995-இல் இன்னும் தெளிவாக, குழந்தை தானே எழுத்து கூட்டி ஒரு புதிய சொல்லைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும்தான் அடுத்த வாசிப்புக்கு முதலீடு என்றார். சந்தைப் புத்தகத்தில் ஒன்பது முறை வரும் "சந்தைக்கு" ஒன்பது முறை வாயில் வருகிறது. கண்ணில் எத்தனை முறை வருகிறது என்பதுதான் கேள்வி. ஊகித்து வாசிக்கும் முறையை அமெரிக்காவின் பல மாநிலங்கள் இந்தப் பத்தாண்டில் சட்டம் போட்டே விலக்கின. அங்கே விலக்கப்படும் பழக்கம் இங்கே புதுமை என்று பரிசு வாங்குகிறது.

இன்னொரு பதிலும் வரும்: பிஜித் தீவுகளில் நடந்த புத்தக வெள்ளத் திட்டம். 1980-களின் தொடக்கத்தில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் கிராமப் பள்ளிகளில் நடத்திய அந்த ஆய்வு உண்மையிலேயே நல்ல பலன் கண்டது. ஆனால் அது முதல் வகுப்பில் நடக்கவில்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பிள்ளைகளிடம் நடந்தது. வகுப்புக்கு வந்து இறங்கியவை ஏறத்தாழ 250 புத்தகங்கள். எழுத்து ஓரளவு கைவந்த பிள்ளைகளுக்கு நூற்றுக்கணக்கான கதைகள் கிடைத்ததன் பலனை, எழுத்தே தெரியாத பிள்ளைக்கு ஒரே வாக்கியம் ஒன்பது முறை கிடைப்பதற்கு எப்படி ஏற்றிச் சொல்ல முடியும்?

பெரிய புத்தக முறையை உருவாக்கிய டான் ஹோல்டவே இதை அறியாதவர் அல்ல. நியூசிலாந்தில் ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் இதை வளர்த்து, 1979-இல் நூலாக எழுதினார். வீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் நெருக்கத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவது அவர் நோக்கம். ஆனால் சேர்ந்து சொல்வதோடு அவர் நிறுத்தவில்லை. பழகிய கதையில் ஒரு சொல்லை மறைப்பு அட்டையால் மூடி, அட்டையை மெல்ல இழுத்து எழுத்து எழுத்தாகத் திறந்து, அடுத்து என்ன வரும், எப்படித் தெரியும் என்று கேட்கும் வேலையும் அவர் முறையின் பகுதி. முதல் வாசிப்பு கதைக்காக, அடுத்தடுத்த வாசிப்பு எழுத்துக்காக. நம்மூரில் நான் பார்க்கும் மாதிரி வகுப்புகளில் முதல் நாள் நடப்பதே ஐந்து நாளும் நடக்கிறது. மறைப்பு அட்டை செய்ய ஒரு பழைய நோட்டு அட்டையும் பிளேடும் போதும். கண்காட்சி மேசையில் ஒரு புத்தகத்தோடுகூட அந்த அட்டையை நான் கண்டதில்லை. கடினமான பாதியை விட்டுவிட்டு, கைதட்டல் கிடைக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

குழந்தை வாசிக்கிறதா ஒப்பிக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியாதா என்றால், நன்றாக முடியும். தமிழில் அதற்கு ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. புத்தகத்தில் "வாங்கினேன்" என்று இருக்கிறது. பிள்ளை வீட்டில் பேசுவது "வாங்குனேன்". எழுத்தைப் பார்க்கும் குழந்தை 'கி'யில் வந்து ஒரு கணம் தயங்கி "வாங்கினேன்" என்று சொல்லும். ஒப்பிக்கும் குழந்தை தயக்கமே இல்லாமல் "வாங்குனேன்" என்று போய்விடும். ஒரு முறை சொன்னதை வைத்து முடிவு கட்ட முடியாது. நன்றாக வாசிக்கும் பிள்ளையும் சில நேரம் பேச்சுக்கு மாறிவிடும். ஆனால் ஒன்பது பக்கத்திலும் ஒரு தயக்கமும் இல்லாமல் "வாங்குனேன்" என்றே வந்தால், கண் அந்த எழுத்தில் படவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்தது கோல். கோலை ஆசிரியர் வைத்திருக்கும்வரை எதுவும் தெரியாது. குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நான்கு சொல். ஒலியாகச் சொன்னால் சந்-தைக்-குப், போ-னேன், கத்-த-ரிக்-காய், வாங்-கி-னேன் என்று பன்னிரண்டு அசை. எழுத்தறியாத பிள்ளை ஓர் அசைக்கு ஒரு சொல்லாகக் கோலை வைத்துக்கொண்டு போகும். "சந்-தைக்-குப்-போ" என்று சொல்லும்போதே கோல் "வாங்கினேன்" மேல் வந்து நிற்கும். அதற்குமேல் தொட இடம் இருக்காது. வாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு காட்சி, ஒரு வாரக் கூட்டுக்குரல் மறைத்ததைக் காட்டிவிடும். நீண்ட சொற்கள் உள்ள தமிழில் இந்தச் சோதனை கூர்மையாகவே வேலை செய்கிறது. ஒரு சொல்லில் மூன்று நான்கு அசை இருப்பதால் பொருந்தாமை உடனே வெளியே வரும்.

கூட்டுக்குரலைக் காதால் கூர்ந்து கேட்டாலும் தெரியும். முன்னால் ஓடும் குரல்கள் ஐந்தாறு இருக்கும். மற்றவை அரை நொடி பின்னால் வரும். சொல்லின் முதல் அசையை விட்டுவிட்டு, மீதியைப் பிடித்துக்கொண்டு சேரும். "...தரிக்காய்" என்று தொடங்கும் குரல் படத்தைக்கூடப் பார்க்கவில்லை, பக்கத்துப் பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறது. நடுவர்கள் கேட்ட "வகுப்பு முழுக்க வாசிக்கிறது" என்பதன் உள்ளே இருப்பது இதுதான்.

இதில் அடிபடுகிற பிள்ளை யார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை எப்படியும் எழுத்தைப் பிடித்துவிடும். அதற்கு அம்மாவோ அக்காவோ இருக்கிறார்கள். எழுத்துக்கு வகுப்பறையைத் தவிர வேறு இடம் இல்லாத பிள்ளை, நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை, கூட்டத்தில் மிக உரக்கச் சொல்லும் பிள்ளை, அதுதான் ஏமாற்றப்படுகிறது. தனக்கு வாசிக்கத் தெரியும் என்று அதுவும் நம்புகிறது, ஆசிரியரும் நம்புகிறார். இரண்டாம் வகுப்பில் படம் சிறுத்து, வாக்கியம் திரும்ப வராத பாடம் வரும்போது அது நின்றுவிடுகிறது. "போன வருஷம் நல்லா வாசிச்ச பிள்ளையாச்சே" என்று புது ஆசிரியரிடம் பழைய ஆசிரியர் சொல்வார். போன வருஷம் அந்தப் பிள்ளை வாசிக்கவே இல்லை. ஓர் ஆண்டு போய்விட்டது, போனது யாருக்கும் தெரியாமல் போனது. எழுத்துத் தெரியாமல் தடுமாறும் பிள்ளையையாவது ஆசிரியர் கவனித்திருப்பார்.

மாற்று இல்லாமல் இதைச் சொல்லவில்லை. அதே தாள், அதே மார்க்கர், அதே உழைப்பில் வேறொரு புத்தகம் செய்யலாம். பிள்ளைகளுக்கு அ, ப, ட, ம, ர ஆகியவையும் துணைக்காலும் புள்ளியும் தெரிந்துவிட்டன என்று வையுங்கள். சட்டகம் இது: "அம்மா, மரம் பார்!" அடுத்த பக்கம், "அம்மா, படம் பார்!" அடுத்தது, "அம்மா, பட்டம் பார்!" பிறகு, "அம்மா, மாடம் பார்!" எல்லாச் சொற்களும் பிள்ளைக்குத் தெரிந்த எழுத்துக்குள் நிற்கின்றன, கற்காத குறி ஒன்றுகூட இல்லை. திரும்ப வரும் பகுதியும் எழுத்து கூட்டக்கூடியதுதான். மாறும் சொற்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. "படம்", "பட்டம்" இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு 'ட்' மட்டும். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிற பிள்ளை அங்கே தப்பாமல் இடறும்.

அதைவிட முக்கியம், படம் இருக்கும் இடம். எழுத்து முன்பக்கத்தில், படம் தாளைப் புரட்டினால் மறுபக்கத்தில். பிள்ளை "பட்டம்" என்று வாசித்துவிட்டுப் புரட்டுகிறது. வானத்தில் பட்டம் இருக்கிறது, தன் வாசிப்பு சரி என்று தானே அறிகிறது. "படம்" என்று வாசித்திருந்தால் சுவரில் தொங்கும் படத்தை எதிர்பார்த்துப் புரட்டும். பட்டம் வரும்போது திரும்பப் போய் எழுத்தைப் பார்க்கும். இப்போது படம் விடை. முன்பு அது துப்பாக இருந்தது. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு ஏதுமில்லை. ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் புத்தகத்திலும் படத்தின்மேல் ஒரு தாளை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டி, தூக்கிப் பார்க்கும் மடிப்பாக ஆக்கிவிடலாம்.

ஏழாம் எட்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் சட்டகத்தையே உடைத்து, "மரம் பார், அம்மா!" என்று சொற்களின் வரிசையை மாற்றி எழுதுங்கள். ஒப்பிக்கும் வகுப்பு "அம்மா" என்றே தொடங்கும். எழுத்தைப் பார்க்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் "மரம்" என்பார்கள். கூட்டுக்குரல் அங்கே கிழியும். அந்தக் கிழிசலில்தான் யார் வாசிக்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளைகளின் கண் எழுத்துக்கு வரத் தொடங்கும், ஏனென்றால் புத்தகத்தை இனி நம்ப முடியாது.

இந்தப் புத்தகம் சந்தைப் புத்தகம் அளவுக்கு அழகாக இருக்காது. ஐந்து எழுத்துக்குள் கதை சொல்ல முடியாது. கத்தரிக்காயின் ஊதா நிறமும் சந்தையின் சத்தமும் இதில் வராது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தையின் சத்தத்தைக் கொடுக்க ஆசிரியரின் வாய் இருக்கிறது. நல்ல கதையை, கடினமான சொற்களோடு, ஏற்ற இறக்கத்தோடு, ஆசிரியர் வாசித்துக் காட்டட்டும். பிள்ளைகள் கேட்கட்டும், பேசட்டும், நடிக்கட்டும். சந்தைப் புத்தகம் அதற்கு நல்ல புத்தகம். அதைக் கேட்கும் புத்தகம் என்று சொல்லிப் பயன்படுத்தினால் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. வாசிக்கும் புத்தகம் என்று சொல்லி, அதை ஒப்பிப்பதை வாசிப்பு என்று பதிவேட்டில் எழுதுவதுதான் தவறு.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் கைக்காசில் தாள் வாங்கி, வீட்டு வேலை முடிந்த இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதைச் செய்கிறார்கள். மதிப்பெண் வண்ணத்துக்கும் ஓவியத்துக்கும் கூட்டாகச் சொல்லும் ஓசைக்கும் போகும்வரை அடுத்த ஆண்டும் சந்தைப் புத்தகங்களே வரும். பயிற்சி கொடுக்கும் வட்டார வள மையங்கள் மறைப்பு அட்டையைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் புத்தகம் கட்டும் முறையை மட்டும் கற்றுக்கொடுக்கும்வரை புத்தகங்கள் பெருகும், வாசிப்பவர்கள் பெருகமாட்டார்கள்.

ஆகவே நடுவர்களாகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேசைமேல் பெரிய புத்தகம் இருந்தால் அதைச் செய்த ஆசிரியரை மட்டும் பேசவிடாதீர்கள். அந்த வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை வரச்சொல்லுங்கள், முன்வரிசையில் உட்காராத பிள்ளைகளாக. படத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கோலைக் குழந்தையின் கையில் கொடுத்து, ஆசிரியரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். குழந்தை மெதுவாக, தவறோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னாலும் போதும், அந்தப் புத்தகத்துக்கு முதல் பரிசு கொடுங்கள்.